ரிவ்யூ நேரத்தில் ஊருக்குப் போகிறீர்களா? புராஜெக்ட் குழுவிடம் சொல்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் கடைசி ஆண்டு புராஜெக்ட்களுக்கு கைடாக இருக்கிறேன். நவம்பர் வந்தால் தமிழ் மாணவர்கள் ஒவ்வொருவராக என் அறைக்கு வருவார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டும், குழுவில் எப்படிச் சொல்வது என்பதுதான் பேச்சு. இங்கே சங்கராந்திக்கு ஒரு நாள்தான் விடுமுறை. நமக்கோ போகி தொடங்கி காணும் பொங்கல் வரை நான்கு நாள், போக வர இன்னும் இரண்டு நாள். கூட இருக்கும் கன்னட, இந்திப் பிள்ளைகளுக்கு ஒரு பண்டிகைக்கு எதற்கு ஒரு வாரம் என்று புரிவதில்லை. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன்.

சார், எத்தனை நாள் முன்னாடி சொன்னா போதும்?

டிக்கெட் எடுத்த அன்றே சொல்லிவிடுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. ஜனவரி 13 கிளம்புகிறவர் நவம்பர் 14 காலையிலேயே லேப்டாப் முன்னால் உட்கார்ந்து தட்கலுக்குத் தவிக்காமல் டிக்கெட் எடுத்திருப்பார். அப்படியென்றால் அவருக்கு அந்தத் தேதி இரண்டு மாதமாகத் தெரியும். அதை ஜனவரி 10-ம் தேதி குழுவில் சொன்னால் மற்றவர்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? நீங்கள் போவது பற்றி அவர்களுக்கு வருத்தம் இருக்காது. தெரிந்தும் சொல்லவில்லையே என்பதுதான் உறுத்தும்.

நவம்பரில் வேலை என்ன என்றே முடிவாகியிருக்காது. பரவாயில்லை. தேதியை மட்டும் சொல்லி, குழுவின் காலண்டரில் போட்டுவிடுங்கள். என்ன செய்து தருகிறேன் என்பதை வேலை பிரிக்கும் நாளில் சொன்னால் போதும்.

முதல்ல கைடுகிட்ட சொல்லணுமா, டீம்கிட்டயா?

குழுவிடம். கைடு அனுமதி கொடுத்துவிட்டார் என்று வந்து நின்றால், மற்ற மூன்று பேரும் அதை ஒரு தீர்ப்பு மாதிரிதான் கேட்டுக்கொள்வார்கள். அவர்களோடு பேசி வேலையைப் பிரித்துக்கொண்டு, அந்தப் பிரிவினையோடு என்னிடம் வந்தால் நான் கேட்க ஒன்றும் மிச்சம் இருக்காது.

ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் இல்லாத நாட்களுக்குள்ளேயே ரிவ்யூ விழுந்தால் அதே நாளில் கைடிடமும் சொல்ல வேண்டும். அதைப் பின்னால் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

எதுக்குப் போறேன்னு காரணத்தை முழுசா சொல்லணுமா?

வேண்டாம். 'வீட்டில் ஒரு விசேஷம்', 'மருத்துவ விஷயம்' என்பது போதும். அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதை நான்கு பேர் இருக்கும் குழுவில் எழுதத் தேவையில்லை. தேதியும் வேலையும் துல்லியமாக இருந்தால் காரணத்தை யாரும் தோண்ட மாட்டார்கள். அவை இரண்டும் மழுப்பலாக இருக்கும்போதுதான் காரணத்தைப் பற்றிக் கேள்வி வரும். இல்லாத காரணத்தை மட்டும் சொல்லாதீர்கள். காய்ச்சல் என்று சொன்னவர் பொங்கல் பானையோடு நிற்கும் படம் அன்று சாயங்காலமே ஸ்டேட்டஸில் வந்துவிடும்.

என் பங்கை முடிச்சிடுவேன்னு சொன்னா போதாதா? எதுக்கு இவ்வளவு விவரம்?

போதாது. 'என் பங்கு' என்பது உங்கள் மனதில் ஒன்றாகவும் அவர்கள் மனதில் வேறாகவும் இருக்கும். 'புக்கிங் மாட்யூலை முடித்துவிட்டேன்' என்கிறார் ஒருவர். அவரைப் பொறுத்தவரை படிவம் திரையில் வந்துவிட்டது, முடிந்தது. அடுத்தவருக்கோ, அந்தப் படிவத்தை நிரப்பினால் தகவல் டேட்டாபேஸில் போய் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அவருடைய திரையில் காட்ட எதுவும் இருக்காது. இருவருமே பொய் சொல்லவில்லை. ஆனால் ரிவ்யூவுக்கு இரண்டு நாள் முன்பு சண்டை வருவது இங்கேதான்.

'25 சதவீதம் நான் செய்கிறேன்' என்பதும் இதே கதைதான். எதில் 25? வரிகளிலா, திரைகளிலா, ரிப்போர்ட் பக்கங்களிலா? ஒத்துக்கொள்ளும் வேலையை, இன்னொருவர் திறந்து பார்த்து 'இருக்கிறது' அல்லது 'இல்லை' என்று சொல்லக்கூடிய வடிவில் சொல்லுங்கள். 'படிவத்தில் முகவரி, தேதி, லிட்டர் மூன்றையும் நிரப்பி பட்டனை அழுத்தினால் bookings டேபிளில் ஒரு வரி சேரும்' என்று எழுதினால் அதில் வாதிட இடமில்லை. எது சேராது என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். 'ரத்து செய்யும் வசதி என் கணக்கில் இல்லை' என்ற அந்த ஒரு வரி பல மனக்கசப்பைத் தடுக்கும்.

அப்போ எவ்வளவு வேலை ஏத்துக்கலாம்? குறைவா சொன்னா தப்பா நினைப்பாங்களே?

நாட்களை எண்ணுங்கள், அதற்குப் பிறகு வாக்குக் கொடுங்கள். ஒரு குழுவை வைத்துப் பார்க்கலாம். நான்கு பேர், அபார்ட்மென்ட்களுக்குத் தண்ணீர் டேங்கர் பதிவு செய்யும் ஒரு இணையதளம். ஜனவரி 5 திங்கள் வேலை தொடங்குகிறது, 23 வெள்ளி ரிவ்யூ. தினம் இரண்டு மணி நேரம் என்று வைத்தால் ஒவ்வொருவருக்கும் 18 நாளில் 36 மணி. அதில் மூன்றில் ஒரு பங்கு பிழை திருத்தவும் மற்றவர் வேலையோடு ஒட்டிப் பார்க்கவும் போய்விடும். ஆகவே ஆளுக்கு 24 மணி நேர வேலை என்று பிரித்துக்கொண்டார்கள். திருநெல்வேலி மாணவிக்கு வந்தது புக்கிங் பக்கம்: படிவம் 5 மணி, அதை டேட்டாபேஸில் சேர்ப்பது 4, 'என் பதிவுகள்' பட்டியல் 4, ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கணக்கிடும் வசதி 8, ரிப்போர்ட்டில் மூன்றாம் அத்தியாயம் 3.

அவள் 13 செவ்வாய் மாலை ரயில் ஏறி 19 திங்கள் காலை திரும்புகிறாள். 5 முதல் 12 வரை எட்டு நாள், 16 மணி. 13 முதல் 18 வரை பூஜ்யம். கிளம்பும் நாளையும் பூஜ்யம் என்றே போட வேண்டும். மூட்டை கட்டுவதிலும் பெங்களூர் டிராஃபிக்கில் ஸ்டேஷன் போய்ச் சேர்வதிலும் அந்த நாள் கரைந்துவிடும். 19 காலையில் வந்து இறங்கினாலும் அன்று வகுப்பு, தூக்கம், அதையும் விட்டுவிடுங்கள். 20 முதல் 22 வரை 6 மணி. மொத்தம் 22. இடையில் வரும் 10, 11 சனி ஞாயிறில் கூடுதலாக மும்மூன்று மணி உட்கார்ந்தால் 28. அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் கையில் நிற்பது 18 மணி நேர வேலை, கொஞ்சம் முன்பின். 24 நுழையாது. ரத்து வசதியை இறக்கி வைத்தால் மிச்சம் 16. அது நுழையும்.

அவள் சொல்ல வேண்டியது அந்த 16 மணி நேர வேலையைத்தான். இறக்கி வைத்த 8 மணியை மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு ஈடாக, ரிவ்யூ முடிந்த பிறகு ரிப்போர்ட்டைத் தொகுத்து, படங்களுக்கு எண் போட்டு, பொருளடக்கம் சரிபார்க்கும் வேலையை அவள் வாங்கிக்கொள்ளலாம். அதுவும் ஏறக்குறைய எட்டு மணி பிடிக்கும், யாரும் விரும்பி எடுக்காத வேலை. குறைவாகச் சொன்னதற்காக யாரும் தப்பாக நினைத்து நான் பார்க்கவில்லை. கூச்சத்தில் 24-ம் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு 14-ல் நிற்பவர்கள் மேல்தான் நம்பிக்கை போகிறது.

சரி, மெசேஜ்ல என்னதான் எழுதுறது?

உங்கள் குழுவில் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ எழுதுவீர்கள். விஷயம் மட்டும் இந்த வரிசையில் இருக்கட்டும். மேலே சொன்ன மாணவியின் மெசேஜ் இப்படி அமையும்:

'பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். ஜனவரி 13 மதியத்திலிருந்து 19 காலை வரை என்னால் வேலை செய்ய முடியாது. 12 திங்கள் இரவு 9 மணிக்குள் இவை கிட்ஹப்பில் இருக்கும்: படிவம், அது டேபிளில் சேர்வது, என் பதிவுகள் பட்டியல். மூன்றாம் அத்தியாயத்தின் முதல் வரைவு டிரைவில் இருக்கும். ரத்து வசதியை என்னால் எடுக்க முடியாது, யார் எடுப்பது என்று நாளை லேபில் பேசலாமா? 20 முதல் 22 வரை என் பகுதியில் வரும் பிழைகளைத் திருத்துகிறேன். ரிவ்யூவுக்குப் பிறகு ரிப்போர்ட் தொகுக்கும் வேலை என்னுடையது. அவசரம் என்றால் தினம் இரவு 8 மணிக்கு மெசேஜ் பார்ப்பேன்.'

இதில் நீளமான மன்னிப்பு இல்லை, கவனித்தீர்களா? மன்னிப்பு நீண்டால் எதிரில் இருப்பவர் 'பரவாயில்லை' என்று சொல்லி முடித்துவிடுவார், வேலைப் பேச்சு அப்படியே நின்றுவிடும். ரத்து வசதி பற்றிய கேள்விக்கு ஒரு நாளும் இடமும் குறித்திருப்பதும் முக்கியம். 'யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்' என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். மெசேஜுக்குக் கட்டைவிரல் மட்டும் வந்தால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லேபில் நேரில் ஒரு தடவை வாய்விட்டுப் பேசிவிடுங்கள்.

ஊர்ல இருந்தே லேப்டாப்ல செஞ்சு அனுப்புறேன்னு சொல்லலாமா?

வேறொருவர் காத்திருக்கும் வேலையாக இருந்தால் சொல்லாதீர்கள். ஊரில் நெட் கிடைக்காது என்பதல்ல காரணம், இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. மாட்டுப் பொங்கல் அன்று வீட்டில் இருபது பேர் இருக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு உட்கார அம்மா விடமாட்டார், உங்களுக்கும் மனசு வராது. அதற்காகத்தானே போகிறீர்கள்.

யாரும் காத்திருக்காத வேலையை எடுத்துப் போகலாம். ரிப்போர்ட்டில் எழுத்துப்பிழை பார்ப்பது, மேற்கோள் பட்டியலை ஒழுங்கு செய்வது போன்றவை. அதையும் வாக்காகக் கொடுக்காமல், முடிந்தால் செய்கிறேன் என்ற அளவில் வையுங்கள். வாக்குக் கொடுத்ததெல்லாம் ரயில் ஏறுவதற்கு முன்பே கைமாறியிருக்க வேண்டும்.

கோடு எல்லாம் பண்ணியாச்சு. ஆனா என் லேப்டாப்ல மட்டும்தான் ஓடுது, என்ன பண்றது?

ஊருக்குப் போனவர்கள் விஷயத்தில் நான் அதிகம் பார்க்கும் சிக்கல் இதுதான். வேலை முடிந்திருக்கும், ஆனால் பெங்களூரில் இருப்பவர்களால் அதை ஓட்ட முடியாது. பெரும்பாலும் இரண்டில் ஒன்று காரணம். டேட்டாபேஸ் கடவுச்சொல் இருக்கும் .env கோப்பு கிட்டில் ஏறாது, ஏற்றவும் கூடாது. இரண்டாவது, நீங்கள் உருவாக்கிய டேபிள்கள் உங்கள் லேப்டாப்பின் மைஎஸ்க்யூஎல்லில் மட்டும் இருக்கும், கோடோடு சேர்ந்து போகாது.

ஆகவே கிளம்புவதற்கு முந்தைய நாள் டேபிள்களைக் கோப்பாக எடுத்து, தனிக் கிளையில் ஏற்றிவிடுங்கள். டேட்டாபேஸின் பெயர் tanker என்று வைத்துக்கொண்டால்:

```
git switch -c booking
mysqldump -u root -p tanker > tanker.sql
git add .
git commit -m "booking form, list page, tables"
git push -u origin booking
```

git add அடிப்பதற்கு முன் .gitignore கோப்பில் .env என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டேபிளில் உண்மையான ஆட்களின் போன் நம்பர் எதுவும் இருக்கக் கூடாது, சோதனைக்குப் போட்ட தகவல் மட்டும் போதும். .env-ல் என்னென்ன பெயர்கள் வேண்டும் என்பதை நண்பருக்குத் தனியாக எழுதிக் கொடுங்கள்.

அதன் பிறகு அவர் லேப்டாப்பில், நீங்கள் பக்கத்தில் நின்று வாயைத் திறக்காமல், அவரே இறக்கி ஓட்டட்டும்:

```
git fetch
git switch booking
mysql -u root -p -e "CREATE DATABASE tanker"
mysql -u root -p tanker < tanker.sql
```

படிவத்தை நிரப்பி ஒரு வரி டேபிளில் சேர்வதை அவர் கண்ணால் பார்த்தால்தான் நீங்கள் கொடுத்த வாக்கு முடிந்தது. அவர் லேப்டாப்பில் tanker என்று ஏற்கெனவே ஒரு டேட்டாபேஸ் இருந்தால் வேறு பெயரில் உருவாக்கி, கடைசி வரியிலும் அவருடைய .env-லும் அந்தப் பெயரையே போடுங்கள். இல்லாவிட்டால் அவருடைய அதே பெயர் டேபிள்கள் அழிந்து உங்களுடையது வந்து உட்காரும். இதற்கெல்லாம் அரை மணி ஆகும். 12 இரவு 9 மணி என்று மெசேஜில் எழுதியிருந்தால், இந்த அரை மணியும் ஒன்பதுக்குள்ளேயே அடங்க வேண்டும்.

நாளைக்கு ரயில், பாதிதான் முடிஞ்சிருக்கு. இப்போ என்ன சொல்றது?

முதலில் சொல்ல வேண்டியது, நாளை அல்ல, இன்றே. கணக்குப்படி போகிறதா என்பது கடைசி நாளில்தான் தெரியும் என்றில்லை. நம் மாணவி 9-ம் தேதி இரவு பார்த்தாலே தெரிந்துவிடும். அதுவரை 10 மணி நேரம் உட்கார்ந்திருப்பாள், படிவமும் சேர்ப்பதும் முடிந்திருக்க வேண்டும். படிவமே இன்னும் அடம்பிடிக்கிறது என்றால், சனி ஞாயிறு கையில் இருக்கும்போதே பட்டியல் திரையை வேறொருவரிடம் கொடுத்துவிடலாம்.

கடைசி நாள் வந்துவிட்டது என்றால், எல்லாவற்றையும் அரைகுறையாகத் தொடாமல் ஒன்றை முழுதாக முடியுங்கள். அடுத்தவர் வேலை எதன் மேல் நிற்கிறதோ அதுதான் அந்த ஒன்று. இங்கே அது டேபிளில் சேர்வது, பட்டியல் திரை அழகாக இல்லாவிட்டால் ரிவ்யூ நின்றுவிடாது. முடியாததை main கிளையில் கலக்காமல், மேலே சொன்னபடி தனிக் கிளையில் ஏற்றி, எந்தக் கோப்பில் எந்த இடத்தில் நிற்கிறது என்று நான்கு வரி எழுதி வையுங்கள். '90 சதவீதம் முடிந்தது' என்று மட்டும் எழுதாதீர்கள். எடுத்துத் தொடர்கிறவருக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்காது.

தாத்தா தவறிட்டாங்க, உடனே பஸ் ஏறணும். இப்பவும் இதெல்லாம் எழுதணுமா?

வேண்டாம். 'தாத்தா இறந்துவிட்டார், கிளம்புகிறேன், லேப்டாப்பில் இருப்பது ஏறவில்லை' என்று எழுதிவிட்டுப் போங்கள். முடிந்தால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் இருப்பதை இருக்கிறபடி ஏற்றுங்கள். திரும்பும் தேதியோ செய்யும் வேலையோ எதுவும் வாக்குக் கொடுக்காதீர்கள். பதினாறாம் நாள் காரியம் வரை இருக்க வேண்டியிருக்குமா என்பது அங்கே போன பிறகுதான் தெரியும். மூன்றாம் நாள், நான்காம் நாள் மனம் கொஞ்சம் நிதானமானதும் தேதியைச் சொன்னால் போதும். அதற்குள் யாராவது உங்கள் வேலையை எடுத்துக்கொண்டிருந்தால், திரும்பக் கேட்காமல் அவரிடமே விடுங்கள்.

நான் இல்லாத நாள்லயே ரிவ்யூ வருது. டீம் எனக்காகப் பேசிடுமா?

பேச முடியாது. புராஜெக்ட் ஒன்றாக இருந்தாலும் ரிவ்யூவில் ஒவ்வொருவரையும் தனியாகக் கேள்வி கேட்டுத் தனியாக மதிப்பெண் போடுகிறோம். உங்கள் மாட்யூலை நண்பர் அருமையாக விளக்கினாலும் அந்த மதிப்பெண் அவருக்குத்தான். ஆகவே தேதி மோதுகிறது என்று தெரிந்த அன்றே கைடிடம் எழுத்தில் கேளுங்கள்: முன்னதாகவோ பின்னதாகவோ என்னை மட்டும் பார்க்க முடியுமா என்று. ஒருங்கிணைப்பாளரிடம் பேசி நாங்கள் அதற்கு வழி செய்வதுண்டு. ரிவ்யூவுக்கு மறுநாள் வந்து கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது.

வருகைப் பதிவும் குழுவின் கையில் இல்லை. வி.டி.யு. பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் கல்லூரிகளில் 85 சதவீதம் வேண்டும், ஒவ்வொரு பாடத்திலும். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அதைக் கணக்குப் பாருங்கள். நண்பரைக் கையெழுத்துப் போடச் சொல்லி மாட்டிவிடாதீர்கள், இருவருக்கும் சேர்த்துத்தான் வினை வரும்.

ஒரு வாரம் போனதுக்கு முழு ரிப்போர்ட்டையும் என் தலையில கட்டிட்டாங்க. இது நியாயமா?

மேலே போட்ட கணக்கை அவர்கள் முன்னால் வையுங்கள். நீங்கள் இறக்கி வைத்தது எட்டு மணி நேரம். ஐம்பது அறுபது பக்க ரிப்போர்ட் முழுவதையும் ஒருவர் எழுதினால் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு ஆகும். 'நான் எட்டு மணி தர வேண்டும், தொகுப்பதைச் செய்கிறேன், அத்தியாயங்களை அவரவர் எழுதட்டும்' என்று சண்டையில்லாமல் சொல்லலாம். செய்யாத மாட்யூலின் அத்தியாயத்தை நீங்கள் எழுதினால் அது சரியாகவும் வராது. வைவாவில் எழுதினவர் ஒருவர், விளக்குபவர் ஒருவர் என்று குட்டு வெளிப்பட்டுவிடும்.

இப்படிக் கேட்க முடிவது முன்பே மணிக்கணக்கோடு எழுதி வைத்தவர்களுக்குத்தான். 'வந்து எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதிவிட்டுப் போனவர், அந்த 'எல்லாம்' எவ்வளவு என்று பிறகு வாதிட முடியாது.

நான் விட்டுட்டுப் போனதை ஃப்ரெண்டு முடிச்சான். ரிப்போர்ட்ல யார் பேர் போடணும்?

அவர் முடித்த பகுதிக்கு அவர் பெயர். டேங்கர் குழுவில் ரத்து வசதியை எழுதியவர் வேறு ஒருவர். யார் எதைச் செய்தார்கள் என்று காட்டும் பக்கத்தில் 'புக்கிங்: மாணவி' என்று மொத்தமாகப் போடாமல், படிவம், சேர்ப்பது, பட்டியல் ஒருவர், ரத்து இன்னொருவர் என்று பிரித்து எழுத வேண்டும். நாங்கள் கேட்டால் git log எப்படியும் சொல்லிவிடும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் பெயர் நிற்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் லேப்டாப்பில் நண்பர் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தால் லாகில் உங்கள் பெயர்தான் விழும். அப்போது கமிட் செய்தியிலேயே அவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள். வைவாவில் ரத்து பற்றிக் கேள்வி வந்தால் 'அதை அவர் செய்தார், என் பகுதியோடு இந்த டேபிள் வழியாகச் சேர்கிறது' என்று சொல்லுங்கள். எனக்கு அந்தப் பதில் முழுமையான பதில்தான். அதற்காக நான் யாருக்கும் மதிப்பெண் குறைத்ததில்லை.